சிவந்த ஸ்டிக்கர்

ஜூலை மாதத்துப் புனேயில் எந்தச் செல்பேசி சர்வீஸ் சென்டருக்குப் போனாலும், கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நாம் சொல்லும் கதையைப் பாதிதான் கேட்பார். அதற்குள் அவர் கை சிம் தட்டைத் திறக்கும் ஊசியை எடுத்திருக்கும். தட்டை வெளியே இழுத்து, சின்ன டார்ச்சை அந்த இடுக்குக்குள் அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். உள்ளே வெள்ளை தெரிந்தால் கதையின் மீதியையும் கேட்பார். சிவப்பு தெரிந்தால் இந்தியிலோ மராத்தியிலோ ஒரே பதில்தான்: லிக்விட் டேமேஜ், வாரண்டி வராது.

அவர் பார்த்தது மிளகைவிடச் சிறிய ஒரு ஸ்டிக்கரை. 2006க்குப் பிறகு வந்த பெரும்பாலான ஐபோன், ஐபாட் கருவிகளில் இது இருக்கிறது என்று ஆப்பிளே சொல்கிறது. பேட்டரியைக் கழற்றக்கூடிய பழைய சாம்சங் போன்களில் பேட்டரியின் மேலும், அதன் அடியில் இருந்த குழியிலும் ஒட்டியிருப்பார்கள். லேப்டாப்களில் பலவற்றில் கீபோர்டுக்கு அடியிலும் மதர்போர்டின் ஓரங்களிலும் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கும்; தேநீர் கொட்டினால் எந்த வழியாக இறங்குமோ அந்த வழியில்தான் ஒட்டியிருப்பார்கள். நாற்பதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்து வாங்கிய கருவியின் வாரண்டி, சில பைசாக்கூட பெறாத இந்தக் காகிதத் துண்டின் நிறத்தில் தொங்குகிறது. ஆகவே அது எதைச் சொல்லக்கூடியது, எதைச் சொல்ல இயலாதது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அமைப்பு எளிது. மேலே நுண்துளைகள் நிறைந்த வெள்ளைக் காகிதம். அதற்குக் கீழே நீரில் கரையும் சிவப்புச் சாயம். அடியில் பசை. உலர்ந்திருக்கும்வரை வெள்ளைக் காகிதம் சாயத்தை மறைத்துக்கொண்டிருக்கும். நீர் பட்டால் காகிதத்தின் துளைகள் அதை இழுத்துக்கொள்ளும். மழையில் தரையில் உரசிய வேட்டிக்கரையில் ஈரம் முழங்கால்வரை ஏறுகிறதே, அதே நுண்புழை ஏற்றம்தான். உள்ளே போன நீர் சாயத்தைக் கரைக்கும். கரைந்த சாயம் நீரோடு சேர்ந்து காகிதம் முழுக்கப் பரவும். பிறகு நீர் ஆவியாகிவிடும், சாயம் காகித இழைகளில் தங்கிவிடும். திரும்பிப் போக வழி இல்லை. அரிசி டப்பாவில் புதைத்து வைத்தாலும் வெயிலில் காய வைத்தாலும் சிவப்பு சிவப்புதான்.

சில நிறுவனங்கள் வெறும் வெள்ளைக்குப் பதிலாக, வெள்ளையின் மேல் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகளைச் சாயத்தில் அச்சடித்த ஸ்டிக்கரைப் பயன்படுத்தியிருக்கின்றன. நீர் பட்டால் குறிகளின் விளிம்பு கரைந்து கலங்கும். இதில் ஒரு வசதி உண்டு: லேசான ஈரமா, முழு நனைவா என்பதை விளிம்பின் கலக்கத்தைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். முழுக்கச் சிவக்கும் ஸ்டிக்கரில் அந்த வசதி இல்லை.

ஆய்வகங்களிலும் மருந்துப் பெட்டிகளிலும் பார்க்கும் ஈரப்பத அட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கோபால்ட் குளோரைடு பூசிய அந்த அட்டை காற்றிலுள்ள நீராவியை உணர்ந்து நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். காற்று உலர்ந்தால் மீண்டும் நீலமாகும். செல்பேசி ஸ்டிக்கர் நீராவியைப் பொருட்படுத்தக் கூடாது, திரவ நீரை மட்டுமே காட்ட வேண்டும் என்பதுதான் அதைச் செய்தவர்களின் நோக்கம். வெப்பமும் ஈரப்பதமும் கருவிக்கு விதித்த வரம்புக்குள் இருந்தால் ஸ்டிக்கர் சிவக்காது என்று ஆப்பிள் சொல்வதும் இதை வைத்துத்தான்.

இந்தக் கூற்று புனேயின் மழைக்காலத்தில் நிற்குமா?

சிவாஜி நகரில் இந்திய வானிலைத் துறையின் அலுவலகம் இருக்கிறது. 1928இல் அது சிம்லாவிலிருந்து இங்கே வந்ததால் புனேக்காரர்கள் இன்றும் அந்த இடத்தை 'சிம்லா ஆபீஸ்' என்றுதான் சொல்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் இந்த ஊரின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது அன்றாட விஷயம். 27 டிகிரி வெப்பம், 85 விழுக்காடு ஈரப்பதம் என்று ஒரு சாதாரண மாலையை எடுத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் பனிநிலை சுமார் 24 டிகிரி. அதாவது 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பின் மீதும் அந்தக் காற்று நீர்த்துளிகளை விட்டுவிடும்.

இப்போது ஹிஞ்சவடியில் 20 டிகிரியில் ஏசி ஓடும் அலுவலகத்தில் நாள் முழுக்க அணைத்து வைத்திருந்த ஒரு கருவியை வெளியே கொண்டு வருகிறோம். மேல்மூடி பனி படர்ந்து மங்கும். உள்ளே என்ன நடக்கும்? ஒரு கன மீட்டர் அந்த மாலைக் காற்றில் ஏறத்தாழ 22 கிராம் நீராவி இருக்கிறது. 20 டிகிரியில் காற்றால் தாங்க முடிந்தது 17 கிராம்தான். மிச்சம் 5 கிராம் நீராகும். ஆனால் அது ஒரு கன மீட்டருக்கு. செல்பேசிக்குள் சிம் இடுக்கைச் சுற்றி அடைபட்டிருக்கும் காற்று தாராளமாகக் கணக்கிட்டாலும் ஒரு கன சென்டிமீட்டர். அதில் நீராவது 5 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு.

ஸ்டிக்கர் சிவக்க எவ்வளவு நீர் வேண்டும்? 3 மில்லிமீட்டர் விட்டம், காகிதம் 0.1 மில்லிமீட்டர் கனம், அதில் பாதி துளை என்று வைத்துக்கொண்டால், முழுக்க நனைய சுமார் 350 மைக்ரோகிராம் நீர் தேவை. அடைபட்ட காற்றிலிருந்து கிடைப்பதைப் போல 70 மடங்கு. இன்னொரு பக்கம், 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு மழைத்துளியில் 4000 மைக்ரோகிராமுக்கு மேல் நீர் இருக்கிறது. ஒரு துளி போதும், பத்து ஸ்டிக்கரைச் சிவக்க வைக்கலாம்.

ஆகவே நன்கு மூடிய கருவியின் உள்ளே இருக்கும் ஸ்டிக்கர் வெறும் மழைக்கால ஈரத்தால் சிவந்தது என்ற வாதம் அவ்வளவு எளிதில் எடுபடாது. நிறுவனம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கு முழுவதும் 'அடைபட்ட காற்று' என்ற ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. திறந்த துவாரத்தின் வாயில் ஸ்டிக்கர் இருந்தால் கதை மாறிவிடும். ஈரக்காற்று புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும். உலோகச் சுவர் குளிர்ந்திருக்கும்வரை நீர் சேர்ந்துகொண்டே இருக்கும். வியர்வை படிந்த இயர்போன் முனை வேறு உள்ளே போய் வரும். லேப்டாப்பில் காற்றாடி இருக்கிறது. குளிர்ந்த நிலையிலேயே அதை இயக்கினால் வெளியிலுள்ள ஈரக்காற்றை அது தானே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஆரம்ப கால ஐபோன்களில் ஸ்டிக்கர் இருந்த இடமே அந்தத் திறந்த துவாரங்கள்தாம்: ஹெட்போன் துளையின் அடிப்பகுதி, சார்ஜ் செய்யும் வாயில். கவுன்டரில் இருப்பவருக்குக் கருவியைத் திறக்காமலே பார்க்க வசதி. அந்த வசதிதான் பிறகு வழக்கானது. ஸ்டிக்கர் சிவந்திருந்த ஒரே காரணத்துக்காக வாரண்டி மறுக்கப்பட்டதாக 2010இல் அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். அந்த டேப்பைத் தயாரித்த 3எம் நிறுவனத்தின் தரப்பிலிருந்தே, ஈரப்பதத்தாலும் அது இளஞ்சிவப்பாகலாம் என்று சொல்லப்பட்டது வழக்கில் முக்கியமான புள்ளியாக இருந்தது. 2013இல் 5.3 கோடி டாலர் தர ஆப்பிள் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது, தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமல். தீர்ப்பு வரவில்லை, பணம் வந்தது. ஸ்டிக்கரை நம்பலாமா என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லாமலே போனதில் எனக்கு வருத்தம்தான். ஐபோன் 5 முதல் ஸ்டிக்கர் சிம் இடுக்குக்குள் நகர்ந்துவிட்டது. அங்கே காற்றோட்டம் குறைவு.

நல்ல இடத்தில் ஒட்டிய ஸ்டிக்கர்கூட ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: இந்த இடத்தில் எப்போதோ நீர் பட்டது. எப்போது என்று சொல்லாது. எவ்வளவு என்று சொல்லாது. இப்போது கருவி கெட்டதற்கு அந்த நீர்தான் காரணமா என்பதை அது சொல்லவே முடியாது. வாரண்டி வழக்கில் கேட்க வேண்டிய கேள்வி கடைசியில் சொன்னதுதான். ஆனால் கவுன்டரில் பதிலாக நீட்டப்படுவது முதல் செய்தி.

காரணத்தைக் கண்டுபிடிக்க வேறு தடயங்கள் உண்டு, பழுது பார்ப்பவர்களுக்கு அவை நன்றாகத் தெரியும். புதவார் பேட்டையின் தாப்கீர் கல்லியில், மின்னணுச் சாமான் கடைகள் நெருக்கியடிக்கும் அந்தச் சந்தில், சின்ன மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் நனைந்த போர்டைக் கொடுத்தால் அவர் ஸ்டிக்கரைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கனெக்டர்களின் ஓரத்தைப் பார்ப்பார். செம்பு அரித்த இடத்தில் பச்சையோ நீலப்பச்சையோ படிந்திருக்கும். தகரச் சால்டர் அரித்தால் வெள்ளைப் பொடி. சர்க்கரை போட்ட தேநீராக இருந்தால் பழுப்பு நிறத்தில் பிசுக்கு.

சார்ஜ் வாயிலில் இன்னும் தெளிவான அடையாளம் ஒன்று உண்டு. அதன் பின்களில் எது மின்சாரம் கொண்டுவருகிறதோ அது முதலில் கருக்கும்; பக்கத்துப் பின் பளபளவென்றே இருக்கும். உப்பு கரைந்த நீர் வழியாக மின்சாரம் ஓடும்போது நேர்முனை உலோகம் கரைந்து போகிறது என்ற பள்ளிக்கூட மின்னாற்பகுப்புதான் இது. சுத்தமான நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. கெடுப்பது நீரில் கரைந்திருக்கும் உப்பும் அமிலமும், அதோடு பேட்டரி இணைப்பில் இருந்துகொண்டேயிருப்பதும். நனைந்த கருவியை உடனே அணைத்து, சார்ஜரில் போடாமல் இருக்கச் சொல்வது இதனால்தான். அரிசியில் வைக்க வேண்டாம் என்று 2024இல் ஆப்பிளே தன் உதவிக் குறிப்பில் சேர்த்தது; அரிசித் துகள் வாயிலில் புகுந்து வேறு தொல்லை தரும்.

அரிப்பு இருந்தால் காரணத்தை நிறுவ ஸ்டிக்கரே தேவையில்லை. அரிப்பே இல்லாமல் ஸ்டிக்கர் மட்டும் சிவந்திருந்தால், நீர் வந்தது, தீங்கு செய்யாமல் போனது என்றுதான் பெரும்பாலும் பொருள். வழக்கு நடந்துகொண்டிருந்த 2010 இறுதியில் ஆப்பிளின் உள்விதியும் இந்தப் பக்கம் நகர்ந்ததாகச் செய்தி வந்தது: வாடிக்கையாளர் மறுத்தால், அரிப்பின் வெளி அடையாளம் இல்லையென்றால், வாரண்டியைப் பரிசீலிக்கலாம் என்று.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துப் பார்ப்போம். கோத்ரூட்டில் இருக்கும் ஒருவரின் போன், வாங்கி எட்டு மாதம். பேட்டரி உப்பித் திரையைத் தள்ளுகிறது. சர்வீஸ் சென்டரில் சிம் இடுக்கில் சிவப்பு, ஆகவே மறுப்பு. போன மாதம் மழையில் ஸ்கூட்டரில் போகும்போது சட்டைப்பை நனைந்தது அவருக்கு நினைவிருக்கிறது. ஆகவே சிவப்பு பொய்யில்லை. ஆனால் சிம் இடுக்குக்கும் பேட்டரிக்கும் இடையில் தூரம் இருக்கிறது, பேட்டரி உப்புவதற்கு உள்ளே நடக்கும் வேதிச் சிதைவு போதுமானது, தயாரிப்புக் குறையாலும் அது வரும். இங்கே அவர் கேட்க வேண்டியவை: தன் முன்னால் கருவியைத் திறக்க வேண்டும், உள்ளே வேறு ஸ்டிக்கர்கள் இருந்தால் அவற்றின் நிறம் என்ன, பேட்டரி கனெக்டரிலும் சார்ஜ் வாயிலிலும் அரிப்பு உண்டா. உள் ஸ்டிக்கர்கள் வெள்ளையாக, கனெக்டர் சுத்தமாக இருந்தால் அவர் பக்கம் வலுவானது. அங்கேயும் சிவப்பும் பச்சையும் இருந்தால் வாதாடி நேரத்தைக் கழிக்காமல் பேட்டரிக்குப் பணம் கட்டுவது மேல்.

முதல் நிலைமை என்றால் அடுத்து அவருக்குத் தேவை காகிதம். கருவியை ஒப்படைக்கும்போது தரும் ஜாப் ஷீட்டில் 'லிக்விட் டேமேஜ்' என்று இரண்டு சொல் எழுதினால் போதாது. எந்த இடத்தில், எந்த அடையாளம், அது எப்படி இந்தப் பழுதுக்குக் காரணம் என்று எழுதித்தரக் கேட்க வேண்டும். பெரும்பாலும் எழுதித்தரமாட்டார்கள். எழுதித்தராததே பின்னால் நுகர்வோர் ஆணையத்தின் முன் ஒரு வாதமாகும். காப்பீட்டு வழக்குகளில், விலக்கு விதியைக் காட்டிப் பணம் தர மறுப்பவர்தான் அந்த விலக்குப் பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும் என்பது நிலைபெற்ற கொள்கை. வாரண்டியின் விலக்குக்கும் அதே தர்க்கத்தைக் கோரலாம்.

நுகர்வோர் இயக்கத்துக்கும் புனேக்கும் பழைய உறவு உண்டு. அகில பாரதீய கிராஹக் பஞ்சாயத்து 1974இல் இந்த ஊரில்தான் தொடங்கியது. இன்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன்படி வாங்கிய கடையோ நிறுவனமோ எங்கிருந்தாலும், புகார் செய்பவர் தான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். இந்த விஷயத்துக்கு மிக முக்கியமானது 38ஆம் பிரிவு: பரிசோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால், ஆணையம் கருவியை முத்திரையிட்டு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம், 45 நாளில் அறிக்கை வர வேண்டும். சிவந்த ஸ்டிக்கருக்கு எதிரான ஒரே நேரான பதில் இந்த ஆய்வக அறிக்கைதான். ஆகவே தாப்கீர் கல்லியிலோ வேறெங்கோ கொடுத்து அதற்கு முன்பே போர்டைக் கழுவிச் சுத்தம் செய்துவிட்டால், நம் சாட்சியத்தை நாமே அழித்ததாகிவிடும்.

எல்லா வழக்கும் வெல்வதில்லை. 2023இல் பெங்களூரு மாவட்ட ஆணையத்தின் முன் மேக்புக்கில் காபி கொட்டிய ஒரு பெண்ணின் புகார் வந்தது. கூடுதல் பணம் கட்டிப் பாதுகாப்புத் திட்டமும் எடுத்திருந்தார். திரவச் சிதறல் அந்தத் திட்டத்தில் அடங்காது என்று ஆணையம் புகாரைத் தள்ளுபடி செய்தது. அங்கே ஸ்டிக்கரைப் பற்றிய சர்ச்சையே எழவில்லை. காபி கொட்டியதை அவரே சொல்லியிருந்தார். 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்த எல்லாத் திட்டமும் விபத்தைத் தாங்காது. ஒப்பந்தத்தில் தற்செயல் சேதம் என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

'நீர் புகாத போன்' என்று விளம்பரத்தில் பார்த்தோமே என்று கேட்கலாம். ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில், அரை மணி நேரம், ஆய்வகத்தில், அசையாத நன்னீரில் நடத்தும் சோதனை. ஐபி68இல் ஆழத்தை நிறுவனமே குறிப்பிடும். புதுக்கருவிக்குச் செய்த சோதனை அது. ரப்பர் முத்திரை தளர்ந்த, இரண்டு முறை கீழே விழுந்த கருவிக்கு அது உத்தரவாதம் இல்லை. விளம்பரத்தில் நீருக்கடியில் காட்டிவிட்டு வாரண்டியில் திரவத்தை விலக்குவது நுகர்வோரைத் திசைதிருப்புவது என்று இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 நவம்பரில் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. கடலிலும் நீச்சல் குளத்திலும் போனைக் காட்டி விளம்பரம் செய்ததற்காக ஆஸ்திரேலியாவில் 2022இல் சாம்சங் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டியது. உப்புநீர் பட்ட சார்ஜ் வாயில் அரிப்பதுதான் அங்கேயும் சிக்கல்.

அபராதங்கள் விளம்பர வாசகத்தை மாற்றின. ஸ்டிக்கரை மாற்றவில்லை. ஸ்டிக்கர் ஏமாற்றக்கூடியதுதான் என்பது இரு பக்கத்துக்கும் தெரியும்: புது வெள்ளை ஸ்டிக்கர் கடையில் கிடைக்கிறது, ஒட்டிக் கொடுப்பவரும் இருக்கிறார்கள். அப்படி மாற்றியது போர்டின் அரிப்பில் பிடிபட்டால் வாரண்டியோடு நம்பகத்தன்மையும் போய்விடும், அந்த வழிக்குப் போக வேண்டாம்.

புதுக் கருவி வாங்கிய அன்றே சிம் தட்டை வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் ஸ்டிக்கரை இன்னொரு போனால் தேதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் ஏசி அறையிலிருந்து வெளியே வந்த லேப்டாப்பைப் பையிலிருந்து எடுக்காமல் அரை மணி நேரம் விட்டு, பிறகு இயக்குங்கள். பழுது என்று கவுன்டருக்குப் போனால், ஊழியர் தட்டை எடுக்கும் முன் நீங்களே எடுத்து அதே கோணத்தில் இன்னொரு படம் எடுங்கள். மறுத்தால் காரணத்தை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதித்தர மறுத்தால், அன்றே அந்த மறுப்பைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள்.